முதல் நாள் காலை, "ஏதாவது வேணுமா?" என்பதற்குப் பதிலாக

"வரும் திங்கட்கிழமை முதல் எங்கள் வீட்டு வேலைக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். காலை 8 மணி முதல் 12 மணி வரை வேலை. வீட்டில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். இதற்கு முன் வந்தவர் ஐந்தே நாளில் நின்றுவிட்டார். காரணமும் சொல்லவில்லை. நான் அவரிடம் கடுமையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த முறை முதல் நாளே மரியாதையாக வரவேற்று, என்ன வசதி வேண்டும் என்று கேட்க நினைக்கிறேன். 'ஆரம்பத்திலேயே ரொம்ப இடம் கொடுக்காதே' என்கிறார் மாமியார். எப்படி வரவேற்பது, என்ன கேட்பது?"

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், வேலை பாதியில் நின்றுபோனால் இரண்டு தரப்பிடமும் உட்கார்ந்து பேசுவதும் என் தொழில். முதல் வாரத்திலேயே நின்றுவிட்ட பெண்களிடம் காரணம் கேட்டால், "வேலை ஜாஸ்தி" அல்லது "தூரமா இருக்கு" என்பார்கள். கொஞ்ச நேரம் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருந்தால்தான் உண்மையான காரணம் வெளியே வரும். வந்ததும், இதற்கா என்று நமக்குத் தோன்றும். அவ்வளவு சிறியதாக இருக்கும். ஆனால் அதைத் தினமும் அனுபவிப்பவருக்கு அது சிறியதல்ல.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அவர் காலை 7 மணிக்குத் தன் வீட்டிலிருந்து கிளம்புவார். 8 மணிக்கு வேலை தொடங்கும். 12 மணிக்கு முடித்து, வீடு போய்ச் சேர 1 மணி ஆகும். ஆக மொத்தம் 6 மணி நேரம். அவர் வேலை செய்த வீட்டில் இரண்டு கழிப்பறைகள். இரண்டையும் தினமும் அவர்தான் கழுவினார். ஆனால் அவற்றில் எதை அவர் பயன்படுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை. முன்பு வேலை செய்த ஒரு வீட்டில் கேட்காமல் போனதற்குத் திட்டு வாங்கியிருந்ததால், இங்கே கேட்கவும் கூச்சம், கேட்காமல் போகவும் பயம். அதனால் காலையில் எழுந்ததிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். நான்காம் நாள் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். ஐந்தாம் நாள் காய்ச்சல். அதற்கப்புறம் அவர் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

அந்த வீட்டுப் பெண்மணியை நான் பார்த்தபோது அவர் கண் கலங்கிவிட்டார். "தினமும் கேட்டேனே, ஏதாவது வேணுமான்னு. ஒண்ணும் வேண்டாம்மான்னுதானே சொன்னாங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணும் அப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். ஆனாலும் விஷயம் போய்ச் சேரவில்லை. உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கடுமையாக ஒரு வார்த்தையும் பேசாத வீட்டிலிருந்து ஒருவர் சொல்லாமல் நின்றுபோனால், நான் முதலில் தேடுவது இப்படி ஒரு விஷயத்தைத்தான்.

"ஏதாவது வேணுமா?" என்ற கேள்வியில் என்ன குறை? முதல் நாள் காலையில் உங்கள் வாசலில் நிற்பவருக்கு இந்த வீட்டில் என்ன கிடைக்கும், என்ன கேட்டால் அதிகப்பிரசங்கித்தனம் ஆகும் என்று எதுவுமே தெரியாது. சம்பளம் கொடுப்பவர் நீங்கள். வேலை நிலைக்குமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. அந்த நிலையில் எதைக் கேட்டாலும் நஷ்டம் வரலாம், "ஒண்ணும் வேண்டாம்" என்றால் வராது. புத்தியுள்ள யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நாமும் புது அலுவலகத்தில் முதல் நாள் அப்படித்தான் சொல்லியிருப்போம்.

அதனால் நான் வீட்டாருக்குச் சொல்வது இதுதான். எல்லோருக்கும் கட்டாயம் வேண்டியவற்றை அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆளுக்கு ஆள் மாறுபவற்றை மட்டும் கேளுங்கள். அதையும், "ஒண்ணும் வேண்டாம்" என்று பதில் சொல்ல முடியாதபடி கேளுங்கள். அப்புறம், சில நாள் கழித்து இன்னொரு முறை கேளுங்கள்.

இதற்கான ஏற்பாடு முந்தைய நாள் இரவே ஆரம்பிக்கிறது. அவர் பையையும் செருப்பையும் வைக்க ஓர் இடம் ஒதுக்குங்கள். ஒரு கொக்கி, ஓர் அலமாரித் தட்டு போதும். மாற்றுப் புடவையோ மேல்துணியோ தொங்கவிட இடம் இருந்தால் இன்னும் நல்லது. கை துடைக்க ஒரு துண்டும் சோப்பும் அவருக்கென்று இருக்கட்டும். நகை, பணம், முக்கியமான காகிதங்கள் வெளியே கிடந்தால் அவற்றை அன்று இரவே எடுத்துப் பூட்டிவிடுங்கள். அவர் வந்து நிற்கும்போது அவசர அவசரமாகப் பீரோவைப் பூட்டுவதைப் போலப் புண்படுத்துவது வேறில்லை. ஒரு வார்த்தையும் பேசாமலேயே "உன்னை நம்பவில்லை" என்று சொன்னதாகிவிடும். வீட்டுக்குள் கேமரா இருந்தால், அது எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே நேராகச் சொல்லிவிடுங்கள். பின்னால் அவரே கண்டுபிடித்தால் அந்த உறவு திரும்ப ஒட்டாது.

வீட்டில் மற்றவர்களிடமும் இரவே பேசிவிடுங்கள். பிள்ளைகள் அவரை "நீங்க, வாங்க" என்றுதான் பேச வேண்டும். நம் மொழியில் ஒரே ஒரு விகுதியில் மரியாதை வந்துவிடும், போயும் விடும். பெரியவர்கள் "வாங்க" என்றும் பிள்ளைகள் "வா" என்றும் கூப்பிடும் வீட்டில், நீங்கள் காட்டிய மரியாதையைப் பிள்ளைகள் அழித்துக்கொண்டே இருப்பார்கள். அவர் காதில் படாத இடத்திலும் "வேலைக்காரி" என்ற சொல் வேண்டாம். காதில் படாது என்று நாம் நினைக்கும் பேச்சு பெரும்பாலும் பட்டுவிடும்.

திங்கட்கிழமை காலை முதல் ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம். முடிந்தால் அலுவலகத்துக்குச் சற்றுத் தாமதமாகப் போங்கள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் பிள்ளையின் பை என்று இருந்துகொண்டு வரவேற்றால், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவர் காதில் விழுவது "சீக்கிரம் வேலையை ஆரம்பி" என்பதுதான்.

மணி அடித்ததும் நீங்களே போய்க் கதவைத் திறங்கள். வீட்டுக்கு வரும் மற்றவர்கள் எந்த வாசலால் வருகிறார்களோ அதே வாசலால் அவரும் வரட்டும். "வாங்க, வாங்க. வழி கண்டுபிடிக்க கஷ்டமா இருந்துச்சா?" என்று கேளுங்கள். இந்தச் சாதாரணக் கேள்விக்கு ஒரு வேலை இருக்கிறது. அவரால் பயமில்லாமல் பதில் சொல்லக்கூடிய முதல் கேள்வி இது. அந்த ஒரு பதிலோடு அவர் குரல் அந்த வீட்டுக்குள் வந்துவிடும்.

உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பிறகு, "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேளுங்கள். அவர் உங்களைவிட மூத்தவர் என்பதால் "அக்கா" என்பது இயல்பாக வரும், நல்ல சொல்தான். ஆனாலும் கேட்டுவிட்டுக் கூப்பிடுவது நல்லது. தன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று விரும்பும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் என்னிடம், "எல்லா வீட்டுலயும் அக்காதான். என் பேர் என்னன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொன்னது இன்னும் மறக்கவில்லை. பெயரைத் தெரிந்துகொண்டு, பெயரோடு "அக்கா" சேர்த்துக் கூப்பிடுவது பலருக்கும் பிடித்திருக்கிறது. அவர் உங்களை எப்படிக் கூப்பிடலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். அவராகத் தேர்ந்தெடுக்கும்படி விட்டால் "அம்மா" என்றுதான் வரும். மூத்தவர் ஒருவர் உங்களை அம்மா என்று கூப்பிடுவது உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், "பேர் சொல்லியே கூப்பிடலாம்" என்று முதல் நாளே சொல்வது எளிது. ஒரு மாதம் கழித்து மாற்றுவது கஷ்டம்.

ஒரு வாக்கியத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: "நீங்க எங்க வீட்டு ஆள் மாதிரி." நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் பல வீடுகளில் வேலை பார்த்தவர் காதில் அது வேறு மாதிரி விழும். வீட்டு ஆள் என்றால் நேரம் தாண்டியும் இருக்கலாம், விருந்தாளி வந்தால் லீவு நாளிலும் வரலாம், கூடுதல் வேலைக்குக் கூலி கேட்கக்கூடாது என்பதை அவர் அனுபவத்தில் கற்றிருப்பார். பாசம் வந்தால் அது தானாக வரட்டும். முதல் நாளுக்கு மரியாதையும் தெளிவும் போதும்.

அப்புறம் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். உங்கள் மாமியார் அறையில் இருந்தால் அங்கே அழைத்துப் போய், "அம்மா, இவங்கதான் இன்னையிலேர்ந்து நமக்கு உதவிக்கு வர்றாங்க" என்று சொல்லுங்கள். அவர் ஒரு "வாங்க" சொன்னாலே போதும்.

பிறகு இரண்டு பேரும் உட்காருங்கள். நீங்கள் நாற்காலியில் என்றால் அவருக்கும் நாற்காலி. நின்றுகொண்டே பேசினால் அது உத்தரவு வாங்குவது போலாகிவிடும். நீங்கள் உட்கார்ந்து அவர் நின்றால் இன்னும் மோசம். சிலர், "பரவாயில்லம்மா, நிக்கிறேன்" என்பார்கள். ஒரு முறை, "உட்காருங்க, பத்து நிமிஷம் பேசணும்" என்று சொல்லிப் பாருங்கள். அப்படியும் தயங்கினால் வற்புறுத்தாமல் நீங்களும் நின்றே பேசுங்கள். நீங்கள் எல்லோரும் குடிக்கும் அதே டம்ளரில் தண்ணீர் கொடுங்கள்.

உட்கார்ந்ததும் கேள்வியில் ஆரம்பிக்காதீர்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். "இந்தக் கழிப்பறையை நீங்க எப்ப வேணும்னாலும் பயன்படுத்திக்கலாம், கேட்க வேண்டியதில்ல. தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், மேல தூக்கிப் போடணும். குடிக்கிற தண்ணி இங்க இருக்கு. பத்து மணிக்கு ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்துக்கங்க, அதுவும் உங்க வேலை நேரத்துலதான் சேரும். பையை இங்க மாட்டிக்கலாம். வீட்டுலேர்ந்து போன் வந்தா எடுத்துப் பேசுங்க." இதைச் சொல்ல ஒரு நிமிடம் கூட ஆகாது. நான் மேலே சொன்ன பெண்ணுக்கு இதில் முதல் வாக்கியம் கிடைத்திருந்தால் அந்த ஐந்து நாள் வேறு மாதிரி போயிருக்கும். தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லச் சொன்னதற்கும் காரணம் உண்டு. "பயன்படுத்திக்கலாம்" என்று பொதுவாகச் சொன்னால் உபசாரத்துக்குச் சொன்னதாகத் தோன்றலாம். தாழ்ப்பாள் வரை சொன்னால் நிஜமாகவே சொல்கிறீர்கள் என்று புரியும்.

அடுத்து வேலையின் விவரங்கள். சம்பளம் ஏற்கெனவே பேசியிருப்பீர்கள். ஆனாலும் எந்தத் தேதியில் கொடுப்பீர்கள், வாரத்தில் எந்த நாள் விடுமுறை, உடம்பு சரியில்லாத நாளில் சம்பளம் பிடிப்பீர்களா, 12 மணிக்கு மேல் இருக்க வேண்டி வந்தால் எவ்வளவு கூடுதல், எந்தெந்த வேலைகள் இதில் சேரும், எவை சேராது என்பதை ஒரு தாளில் எழுதி அவரிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் வீட்டுப் பணியாளர்களுக்காகவே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அதன் எண் 189. வேலை விவரங்களைப் பணியாளருக்குப் புரியும்படியும், பின்னால் சரிபார்க்கும்படியும் தெரிவிக்க வேண்டும், முடிந்தால் எழுத்து ஒப்பந்தமாகவே கொடுக்க வேண்டும் என்கிறது அது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஆனாலும் ஒரு வீட்டில் எவற்றைப் பேசி முடிக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல வழிகாட்டி. அவருக்குப் படிக்க வருமா என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். தாளைக் கையில் கொடுத்துவிட்டு, "நான் ஒரு தடவை படிக்கிறேன், தப்பா இருந்தா சொல்லுங்க" என்று நீங்களே படியுங்கள். அதையே குரல் பதிவாக அவர் போனுக்கும் அனுப்பலாம். வீட்டில் போய்க் கேட்டுக்கொள்வார்.

உங்கள் மாமியாரின் கவலைக்கும் இந்தத் தாள்தான் பதில். "இடம் கொடுக்காதே" என்று பெரியவர்கள் சொல்லும்போது, பின்னால் ஒவ்வொன்றுக்கும் பேரம் பேச வேண்டியிருக்குமோ என்ற பயம் அதில் இருக்கிறது. அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் நான் பார்த்த வீடுகளில் சண்டை வந்தது வரையறுக்காமல் விட்ட இடங்களில்தான். பிள்ளைகளின் பள்ளி உடுப்பை யார் இஸ்திரி போடுவது என்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஒரு நாள் உதவியாகச் செய்தது அடுத்த வாரம் கடமையாகிவிடும். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்ததால் யாரும் வேலையைக் குறைத்துச் செய்து நான் பார்த்ததில்லை. இதோடு இன்னொன்றையும் மாமியாரிடம் பேசி முடிவு செய்யுங்கள்: வேலை சொல்வது யார்? நீங்கள் "முதலில் சமையலறை" என்று சொல்லிவிட்டுப் போக, அவர் "முதலில் மாடி" என்று சொன்னால், நடுவில் நிற்பவர் இரண்டு பேரிடமும் கெட்ட பெயர் வாங்குவார். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மாமியார் சொல்வதே இறுதி என்று முடிவானால், அதையும் புதியவரிடம் அவர் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இனி வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். கேஸ் அடுப்பின் வால்வை எப்படி மூடுவது, மின்சாரத்தின் மெயின் சுவிட்ச் எங்கே, அவசரம் என்றால் யாருக்குப் போன் செய்வது என்பதை முதலில் காட்டிவிடுங்கள். அதற்கு அடுத்தபடியாகச் சுத்தம் செய்யும் திரவங்களைக் காட்டுங்கள். இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பிளீச்சிங் திரவத்தையும் ஆசிட் கலந்த கழிப்பறைக் கிளீனரையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். பிளீச்சிங்கோடு அமோனியா உள்ள கிளீனர் சேர்ந்தாலும் நச்சு வாயு வரும். கதவு மூடிய சின்னக் கழிப்பறையில் இது மூச்சை அடைத்துவிடும். நன்றாகக் கறை போகட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் பலர் இரண்டையும் கலக்கிறார்கள். அதனால் பாட்டில்களைக் கையில் எடுத்துக் காட்டி, "இதையும் இதையும் சேர்க்கக்கூடாது. ஒண்ணு போட்டா நல்லா தண்ணி ஊத்திக் கழுவிட்டு நிறுத்திடலாம், இன்னொண்ணு இன்னொரு நாள்" என்று சொல்லுங்கள். இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைப்பது இன்னும் நல்லது. பழைய பாட்டிலில் பெயரில்லாமல் ஏதாவது ஊற்றி வைத்திருந்தால் அவர் வருவதற்கு முன்பே அகற்றிவிடுங்கள். கையுறையை அவரிடம் கொடுத்து, அளவு சரியாக இருக்கிறதா என்று அங்கேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது கேட்கும் நேரம். இதற்குள் அரை மணி நேரம் போயிருக்கும். அவரும் நான்கைந்து முறை பேசியிருப்பார். முதல் கேள்வியை வேலையைப் பற்றியே கேளுங்கள்: "போன வீட்டுல எந்த வேலையை முதல்ல முடிப்பீங்க? இங்க எதுலேர்ந்து ஆரம்பிச்சா உங்களுக்கு வசதி?" பல வருடம் வேலை செய்தவருக்கு இந்த விஷயத்தில் உங்களைவிட அதிகம் தெரியும். அதை ஒப்புக்கொள்ளும் கேள்வி இது. பதிலும் உடனே வரும். "பாத்திரத்த முதல்ல ஊறப் போட்டுட்டு, துணிய மெஷின்ல போட்டுட்டு, அப்புறம் பெருக்கினா ஒண்ணுக்கொண்ணு தோதா இருக்கும்" என்று அவர் சொன்னால் அப்படியே விட்டுவிடுங்கள்.

கருவிகளைக் கேட்கும்போது இரண்டு தேர்வுகளை வையுங்கள். "கீழே உட்கார்ந்து துடைக்கிறது உங்களுக்கு நல்லதா, நீளக் கைப்பிடி மாப் வேணுமா?" என்று கேட்டால் ஏதாவது ஒன்றைத்தான் சொல்லியாக வேண்டும். "முட்டி வலி இருக்கா?" என்று உடம்பைப் பற்றி நேராகக் கேட்காதீர்கள். இருக்கிறது என்றால் வேலை போய்விடுமோ என்று மறைப்பார். கருவியைப் பற்றிக் கேட்டால் முட்டியைப் பற்றிய பதில் அதிலேயே வந்துவிடும். சோப்புத் தூளையும் இப்படிக் கேட்கலாம்: "இது கைக்கு ஒத்துக்குதா, வேற பழக்கமா?"

நேரத்தைப் பற்றி, "12 மணிக்கு முடிச்சா சரியா இருக்குமா? எத்தனை மணிக்குக் கட்டாயம் கிளம்பணும்?" என்று கேளுங்கள். அவருக்கு அடுத்த வீட்டு வேலை இருக்கலாம், பள்ளியிலிருந்து வரும் பிள்ளை இருக்கலாம், ஒரே ஒரு பஸ் இருக்கலாம். காரணத்தை நீங்கள் கேட்க வேண்டாம். விரும்பினால் அவரே சொல்வார். கணவர் என்ன செய்கிறார், எத்தனை பிள்ளைகள், கடன் உண்டா, எந்த மதம் என்பவை முதல் நாள் கேள்விகளே அல்ல. உங்கள் பக்கத்தில் அவை அக்கறை. அவர் பக்கத்தில் அவை விசாரணை.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. வீட்டார் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். "நான் ஏதாவது மாத்திச் செய்யச் சொல்லணும்னா, அப்பவே சொல்லட்டுமா, வேலை முடிஞ்சப்புறம் தனியாச் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். குறை வரும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுத்திருந்தால், பிள்ளைகள் எதிரே திட்டு வாங்குவோமோ என்ற பயம் போய்விடும். கூடவே இதையும் சொல்லுங்கள்: "எங்களால உங்களுக்கு ஏதாவது கஷ்டம்னா நீங்களும் என்கிட்ட சொல்லுங்க. வாயால சொல்ல முடியலேன்னா போன்ல பேசிப் பதிஞ்சு அனுப்புங்க." நேரில் சொல்ல முடியாததைப் பலர் குரல் பதிவில் சொல்லிவிடுகிறார்கள்.

இத்தனையும் கேட்டும் எல்லாவற்றுக்கும் "சரிங்க, உங்க இஷ்டம்" என்று மட்டும் பதில் வந்தால் மனம் தளராதீர்கள். முதல் நாளில் பலருக்கு அவ்வளவுதான் முடியும். ஒரே காலையில் நம்பிக்கை வந்துவிடாது. அந்த அளவுக்கு இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. இன்னும் துருவாமல் விட்டுவிடுங்கள்.

முதல் நாள் எல்லா வேலையையும் கொடுக்காதீர்கள். வீட்டைச் சுற்றிப் பார்க்கவும் பேசவும் போன ஒரு மணி நேரமும் வேலை நேரம்தான். ஆகவே மீதி 3 மணி நேரத்துக்கு உள்ள வேலையை மட்டும் சொல்லுங்கள். அவர் பின்னாலேயே நடந்து பார்க்காதீர்கள். எந்தப் பொருள் எங்கே என்று கேட்டால் சொல்லும் தூரத்தில் இருந்தால் போதும். 12 மணி ஆனதும், வேலை மிச்சம் இருந்தாலும், "நேரமாச்சு, கிளம்புங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று நீங்களே சொல்லுங்கள். தாளில் எழுதியதை நீங்கள் மதிக்கிறீர்கள் என்பதை முதல் நாளே கண்ணால் பார்ப்பார்.

இரண்டாவது நாளிலிருந்து வாய் சொல்வதைவிடக் கண்ணுக்குத் தெரிவதைக் கவனியுங்கள். நான்கு மணி நேரத்தில் ஒரு முறையாவது தண்ணீர் குடிக்கிறாரா? கழிப்பறைக்குப் போகிறாரா? பையைக் கொக்கியில் மாட்டுகிறாரா, இல்லை கதவோரத் தரையிலேயே வைக்கிறாரா? போன் அடித்தால் எடுக்கிறாரா, அவசரமாக அணைக்கிறாரா? பத்து மணிக்கு உட்காருகிறாரா? இவற்றில் எதுவும் நடக்கவில்லை என்றால், நீங்கள் சொன்னதை உபசார வார்த்தை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். "ஏன் தண்ணி குடிக்கல?" என்று கேட்டால் அதுவும் ஒரு குற்றச்சாட்டு போல ஆகிவிடும். பத்து மணிக்கு நீங்களே இரண்டு டம்ளர் தண்ணீரோடு போய், "வாங்க, கொஞ்சம் உட்காரலாம்" என்று கூப்பிடுங்கள். ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்தால், மறுநாள் அவராகவே உட்காருவார். நீங்கள் அந்த நேரத்தில் வீட்டில் இல்லையென்றால் இந்தப் பொறுப்பை மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். முதல் நாள் "இடம் கொடுக்காதே" என்ற பெரியவர்களே இந்தப் பத்து மணித் துணையை விரும்பத் தொடங்கிய வீடுகள் எனக்குத் தெரியும்.

நான்காம் நாள், வியாழக்கிழமை, அவர் கிளம்பும் நேரத்தில் மறுபடி கேளுங்கள். அப்போதும் பொதுவாகக் கேட்காதீர்கள். "இந்த வீட்டுல ஒரே ஒரு விஷயத்த மாத்தலாம்னா எதை மாத்துவீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பேசாமல் இருங்கள். அவர் சிரித்து மழுப்பலாம். கொஞ்சம் பொறுத்தால், "அந்த மாப் கைப்பிடி ரொம்பக் குட்டைம்மா" என்றோ, "பாத்திரம் கழுவுற இடத்துல வெளிச்சம் பத்தல" என்றோ ஒன்று வரும். வந்தால், வெள்ளிக்கிழமை காலை அவர் வருவதற்கு முன் புது மாப் அங்கே நிற்கட்டும், புது பல்பு எரியட்டும்.